சால்மொனெல்லாவின் ஃபோ-க்யூவும் ஃபோ-பியும்: இரு-கூறு சமிக்ஞை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூளை இல்லை, நரம்பு இல்லை. ஒற்றைச் செல்லாக இருக்கும் பாக்டீரியாவுக்கு வெளியே என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும்?

இரண்டு புரதங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. ஒன்று செல் சவ்வில் குறுக்காகப் பதிந்திருக்கும் உணர்விப் புரதம். அதன் தலை சவ்வுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், உடல் உள்ளே இருக்கும். இன்னொன்று செல்லுக்குள் கரைந்து திரியும் கட்டுப்பாட்டுப் புரதம். வெளியே நிலைமை மாறினால், உணர்வியின் உள்பகுதி தன்மேலேயே ஒரு பாஸ்பேட்டை ஏற்றிக்கொள்ளும். அந்தப் பாஸ்பேட்டைக் கட்டுப்பாட்டுப் புரதம் வாங்கிக்கொண்டு டிஎன்ஏவில் போய் உட்காரும். அங்கே சில ஜீன்கள் ஆன் ஆகும், சில ஆஃப் ஆகும். இதுதான் இரு-கூறு சமிக்ஞை.

வெவ்வேறு பாக்டீரியாக்களில் வெவ்வேறு வேலைக்காகத் தனித்தனியே ஆராயப்பட்டு வந்த புரதங்கள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது 1986 வாக்கில் தெளிவானது. நைட்ரஜன் பற்றாக்குறையை உணரும் ஜோடியில் பாஸ்பேட் கைமாறுவது சோதனைக்குழாயில் நிரூபிக்கப்பட்டதும் அதே ஆண்டுதான்.

பொதுவாகவே பேசிக்கொண்டு போனால் எதுவும் கண்ணில் நிற்காது. அதனால் இந்தப் பக்கம் முழுவதும் ஒரே ஒரு ஜோடியைப் பிடித்துக்கொள்கிறேன்: சால்மொனெல்லாவின் ஃபோ-க்யூ, ஃபோ-பி. முதலாவது உணர்வி, இரண்டாவது கட்டுப்பாட்டுப் புரதம். டைபாய்டு, உணவு வழி வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்குக் காரணமான இந்தக் கிருமி, நம் உடலுக்குள் பிழைக்க வேண்டுமானால் இந்த ஜோடி வேலை செய்தாக வேண்டும். ஃபோ-பி இல்லாத சால்மொனெல்லாவை எலிக்குக் கொடுத்தால், சாதாரணக் கிருமி கொல்லும் அளவைப் போலப் பல ஆயிரம் மடங்கு கொடுத்தாலும் எலி தப்பித்துவிடுகிறது.

ஃபோ-க்யூ அப்படி எதை உணர்கிறது?

முதலில் கண்டுபிடிக்கப்பட்டது மெக்னீசியம். எட்வர்டோ கிராய்ஸ்மனின் குழு 1996-ல் இதைக் காட்டியது. வெளியே மெக்னீசியம் நிறைய இருந்தால் ஃபோ-க்யூ அடங்கிக் கிடக்கும். குறைந்தால் விழித்துக்கொள்ளும். இங்கே பலரும் தடுமாறுவார்கள்: மெக்னீசியம் வந்து ஒட்டினால்தானே சிக்னல், இல்லாமல் போவது எப்படிச் சிக்னல் ஆகும்? ஆகும். இந்தப் புரதத்தைப் பொறுத்தவரை மெக்னீசியம் ஒரு கட்டு. கட்டு அவிழ்வதுதான் செய்தி.

எப்படி என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். சால்மொனெல்லாவுக்கு இரண்டு சவ்வுகள் உண்டு. இரண்டுக்கும் நடுவே பெரிபிளாசம் என்ற ஒடுக்கமான இடைவெளி இருக்கிறது. ஃபோ-க்யூவின் தலை அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. தலையின் அடிப்பக்கத்தில், உள்சவ்வை ஒட்டினாற்போல, அமிலத்தன்மையுள்ள அமினோ அமிலங்கள் ஒரு கூட்டமாக அமைந்திருக்கின்றன. அவை எதிர்மின்னூட்டம் கொண்டவை. சவ்வின் பரப்பில் உள்ள பாஸ்பேட்டுகளும் எதிர்மின்னூட்டம் கொண்டவையே. இரண்டும் ஒன்றையொன்று தள்ள வேண்டும். ஆனால் நடுவில் மெக்னீசியமோ கால்சியமோ வந்து நின்றால், இரு பக்கத்து எதிர்மின்னூட்டத்தையும் பிடித்துச் சேர்த்து வைத்துக்கொள்ளும். தலை சவ்வோடு ஒட்டி அசையாமல் இருக்கும். அந்த அயனிகள் போய்விட்டால் தலை சவ்விலிருந்து விலகும், அந்த அசைவு உள்ளே போகும்.

இதைப் புரிந்துகொண்டால் அடுத்த சிக்னலும் தானாகப் புரிந்துவிடும். நம் உடல் கிருமிகளைக் கொல்ல நேர்மின்னூட்டம் கொண்ட சிறு பெப்டைடுகளைச் சுரக்கிறது. அவை வெளிச்சவ்வைத் தாண்டிப் பெரிபிளாசத்துக்குள் வந்தால், மெக்னீசியம் இருந்த அதே இடத்தில் புகுந்து அதை வெளியேற்றிவிடுகின்றன. மெக்னீசியம் அளவுக்கு அவற்றால் தலையைக் கட்டிவைக்க முடியாது. ஆக, கொல்ல வந்த ஆயுதமே எச்சரிக்கை மணியையும் அடித்துவிடுகிறது. சாமுவேல் மில்லரின் குழு இதை 2005-ல் வெளியிட்டது. மூன்றாவது சிக்னல் அமிலம்: சுற்றுப்புற பிஹெச் 5.5 அளவுக்கு இறங்கினாலும் ஃபோ-க்யூ செயல்படத் தொடங்கும்.

இந்த மூன்றில் எது உடலுக்குள் உண்மையில் முக்கியம் என்பதில் ஆய்வாளர்களுக்குள் நீண்ட விவாதம் உண்டு. உடல் செல்லுக்குள் கிருமி தங்கும் சிறு பையில் மெக்னீசியத்தை அளந்து பார்த்தவர்கள், அது ஃபோ-க்யூவை எழுப்பும் அளவுக்குக் குறைவாக இல்லை என்று சொன்னார்கள். அமிலமும் பெப்டைடும்தான் அங்கே பெரிய பங்கு வகிக்கின்றன என்ற பக்கமே எனக்கும் சரியாகப் படுகிறது. மெக்னீசியம் சோதனைக்கூடத்தில் வசதியான சுவிட்ச், அவ்வளவுதான்.

சரி, தலை அசைந்தது. அது உள்ளே எப்படிப் பாஸ்பேட் ஆகிறது?

ஃபோ-க்யூ தனியாக நிற்பதில்லை, எப்போதும் இரண்டிரண்டாகச் சேர்ந்தே நிற்கும். ஒவ்வொன்றிலும் சவ்வைக் குறுக்கே கடக்கும் இரண்டு சுருள்கள் இருக்கின்றன. தலை விலகும்போது இந்தச் சுருள்கள் ஒன்றுக்கொன்று சற்றே இடம் மாறுகின்றன. அசைவு மிகச் சிறியது. ஆனால் சுருள்கள் விறைப்பானவை என்பதால் அது உள்ளே வரை போய்ச் சேர்கிறது.

உள்ளே, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைப் பிடித்துவைத்திருக்கும் ஒரு பகுதி இருக்கிறது. அதன் பக்கத்தில், புரதத்தின் 277-ஆவது இடத்தில், ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அடங்கிய நிலையில் ஏடிபி அந்த ஹிஸ்டிடினை எட்டாது. சுருள்கள் நகர்ந்ததும் எட்டும். ஏடிபியின் கடைசிப் பாஸ்பேட் ஹிஸ்டிடின்மேல் ஏறும். அங்கே அது நெடுநேரம் தங்குவதில்லை. ஃபோ-பி அருகில் வந்து பொருந்தியதும், அதிலுள்ள அஸ்பார்டேட் என்ற அமினோ அமிலம் அந்தப் பாஸ்பேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஹிஸ்டிடினிலிருந்து அஸ்பார்டேட்டுக்கு நடக்கும் இந்தக் கைமாற்றம்தான் இரு-கூறு அமைப்புகள் எல்லாவற்றுக்கும் பொதுவான மையம். உணர்வியின் தலை மட்டும் ஜோடிக்கு ஜோடி மாறும்.

பாஸ்பேட் ஒட்டியதும் ஃபோ-பி ஜீனை எப்படி ஆன் செய்கிறது?

பாஸ்பேட் ஏறிய ஃபோ-பி இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்த இரட்டை வடிவம் டிஎன்ஏவில் ஒரு குறிப்பிட்ட எழுத்து வரிசையைத் தேடிப் பிடிக்கும். வரிசை ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
TGTTTA NNNNN TGTTTA
```

ஆறு எழுத்து, நடுவே எதுவாகவும் இருக்கலாம் என்ற ஐந்து எழுத்து, மறுபடி அதே ஆறு. டிஎன்ஏ சுருளில் ஒரு முழுச் சுற்று சுமார் பத்தரை எழுத்து. இங்கே ஒரு பிரதி தொடங்கி அடுத்தது தொடங்க 11 எழுத்து ஆகிறது. அதனால் இரண்டு பிரதிகளும் சுருளின் ஒரே பக்கத்தில் வந்து நிற்கும், இரட்டை ஃபோ-பி ஒரே பக்கமிருந்து இரண்டையும் பிடித்துக்கொள்ளலாம். அந்த இடம் ஜீனின் தொடக்கத்துக்குச் சற்று முன்னால் இருந்தால், ஆர்என்ஏ பாலிமரேஸ் அங்கே வந்து நிற்க ஃபோ-பி உதவும். ஜீன் படிக்கப்படும்.

இப்படி ஆன் ஆகும் ஜீன்களில் மெக்னீசியத்தை உள்ளே இழுக்கும் கடத்திகள் இருக்கின்றன, வெளிச்சவ்வைத் திருத்தும் என்சைம்கள் இருக்கின்றன. ஃபோ-பி, ஃபோ-க்யூ ஜீன்களே இருக்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள், அது பின்னால் வேண்டும். அதே சமயம் குடல் செல்லுக்குள் நுழையப் பயன்படும் ஊசி போன்ற கருவியின் ஜீன்கள் அடக்கப்படும். உள்ளே வந்தாயிற்று, இனி அந்தக் கருவிக்கு வேலை இல்லை.

சால்மொனெல்லா உடலுக்குள் போனதும் நடப்பதை ஒரு தடவை வரிசையாகச் சொல்ல முடியுமா?

சாப்பாட்டோடு வந்த கிருமி குடல் சுவரைத் தாண்டுகிறது. அங்கே மேக்ரோபேஜ் என்ற பாதுகாப்புச் செல் அதை விழுங்குகிறது. விழுங்கிய கிருமி ஒரு சிறு பையில் அடைபட்டுக் கிடக்கிறது. மேக்ரோபேஜ் அந்தப் பைக்குள் அமிலத்தை ஏற்றுகிறது. பிஹெச் 5 பக்கம் இறங்குகிறது. கொல்லும் பெப்டைடுகளும் வந்து சேர்கின்றன. பெரும்பாலான பாக்டீரியாக்களின் கதை இங்கேயே முடிந்துவிடும்.

சால்மொனெல்லாவில் அமிலமும் பெப்டைடும் ஃபோ-க்யூவை எழுப்புகின்றன. சில நிமிடங்களில் ஃபோ-பியின் கணிசமான பகுதி பாஸ்பேட் ஏறிய நிலைக்கு வந்துவிடுகிறது. அடுத்து நடப்பதைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் கிருமி பிழைப்பது இங்கேதான்.

பெப்டைடுகள் நேர்மின்னூட்டம் கொண்டவை என்று சொன்னேன். அவை முதலில் பிடிப்பது கிருமியின் வெளிச்சவ்வில் உள்ள லிப்பிட்-ஏ என்ற மூலக்கூற்றின் பாஸ்பேட்டுகளை. ஃபோ-பி ஆன் செய்யும் ஜீன்களில் ஒன்று பிஎம்ஆர்-டி என்ற சிறிய புரதத்தை உண்டாக்குகிறது. அது இன்னொரு இரு-கூறு ஜோடியான பிஎம்ஆர்-பி, பிஎம்ஆர்-ஏவில் போய் வேலை செய்கிறது: பிஎம்ஆர்-ஏவில் ஏறிய பாஸ்பேட் கழன்று போகாமல் காவல் காக்கிறது. ஒரு ஜோடியின் செய்தி இன்னொரு ஜோடிக்குப் போய்ச் சேரும் வழி இது. பிஎம்ஆர்-ஏ ஆன் செய்யும் என்சைம்கள் லிப்பிட்-ஏவின் பாஸ்பேட்டில் அமினோ-அராபினோஸ் என்ற சர்க்கரையை ஒட்டுகின்றன. அந்தச் சர்க்கரைக்கு நேர்மின்னூட்டம் உண்டு. பாஸ்பேட்டின் எதிர்மின்னூட்டம் சரிக்கட்டப்பட்டுவிடுகிறது. இப்போது பெப்டைடு வந்தாலும் பிடிமானம் கிடைப்பதில்லை.

ஃபோ-பியின் நேரடிக் கட்டளையில் வரும் இன்னொரு என்சைம் லிப்பிட்-ஏவில் கூடுதலாக ஒரு கொழுப்புச் சங்கிலியைச் சேர்க்கிறது. சவ்வு இறுகுகிறது. இதோடு சேர்த்து, மேக்ரோபேஜின் உள்ளேயிருந்தே அதன் நடமாட்டங்களைக் கெடுக்கும் இரண்டாவது ஊசிக்கருவியின் கட்டுப்பாட்டு ஜீனுக்கும் ஃபோ-பி உத்தரவு கொடுக்கிறது. சில மணி நேரத்தில், கொல்லப்பட வேண்டிய இடத்திலேயே கிருமி பெருகத் தொடங்குகிறது.

ஆன் ஆனது அப்படியே ஆன் ஆகவே இருந்துவிடுமா?

இருக்காது. இருந்தால் கிருமிக்கே கெடுதல். இதற்கு நேரடி ஆதாரம் உண்டு. ஃபோ-க்யூவின் 48-ஆவது இடத்தில் உள்ள திரியோனின், ஐசோலூசினாக மாறிய ஒரு சால்மொனெல்லா வகை இருக்கிறது. அதில் ஃபோ-பி மெக்னீசியம் இருந்தாலும் மிகையாகவே செயல்படும். பாதுகாப்பு எப்போதும் தயார் என்றால் கிருமி இன்னும் வீரியமாக இருக்க வேண்டும் என்றுதான் எவருக்கும் தோன்றும். மில்லரும் மெக்கலானோஸும் 1990-ல் எலிகளில் சோதித்தபோது நேர்மாறாக இருந்தது. அந்தக் கிருமி வீரியம் இழந்திருந்தது. நுழையும் கருவி வேண்டிய நேரத்தில் அது அடக்கப்பட்டுக் கிடந்தால் எப்படி உள்ளே போவது?

அணைக்கும் வேலையைச் செய்வதும் ஃபோ-க்யூவேதான். பல விளக்கங்களில் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள், ஆனால் இந்த அமைப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. மெக்னீசியம் திரும்பி வந்து தலை சவ்வோடு ஒட்டியதும், ஃபோ-க்யூ பாஸ்பேட் ஏற்றுவதை நிறுத்துவதோடு நிற்பதில்லை, ஃபோ-பிமேல் ஏற்கெனவே ஏறியிருக்கும் பாஸ்பேட்டைக் கழற்றவும் தொடங்குகிறது. பாஸ்பேட்டை ஏற்றும் கைனேஸ், கழற்றும் பாஸ்படேஸ் இரண்டும் ஒரே புரதம். அதனால் ஃபோ-பி எவ்வளவு பாஸ்பேட்டோடு இருக்கும் என்பதை ஏற்றும் வேகம் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஏற்றும் வேகத்துக்கும் கழற்றும் வேகத்துக்கும் உள்ள விகிதம் தீர்மானிக்கிறது. வெளியே நிலைமை மாறினால் அந்த விகிதம் உடனே மாறும். பழைய பாஸ்பேட் தானாக உதிரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

இதோடு இன்னும் இரண்டு சுற்றுகள் சேர்கின்றன. ஃபோ-பி தன் ஜீனையே ஆன் செய்கிறது என்று முன்பு சொன்னேன். அதனால் சிக்னல் வந்த புதிதில் செயல் சட்டென்று உச்சத்துக்கு ஏறி, பிறகு கொஞ்சம் இறங்கி ஒரு நிலையில் நிற்கும். கிராய்ஸ்மன் குழு 2006-ல் இந்தத் திடீர் எழுச்சியை விவரித்தது. அந்த எழுச்சி வராதபடி மாற்றிய கிருமி எலியில் பலவீனமாக இருந்தது. அடுத்தது எதிர்ச்சுற்று. ஃபோ-பி ஆன் செய்யும் ஜீன்களில் எம்ஜிஆர்-பி என்பதும் ஒன்று. வெறும் 47 அமினோ அமிலம் கொண்ட இத்தனூண்டு புரதம் அது. சவ்வில் போய் ஃபோ-க்யூவோடு சேர்ந்து அதை அடக்கும். ஃபோ-பி எவ்வளவு அதிகமாக வேலை செய்கிறதோ, அவ்வளவு எம்ஜிஆர்-பி உண்டாகி ஃபோ-க்யூவின் வேகத்தைக் குறைக்கும். இந்தப் புரதத்தைக் கீழே மருத்துவமனையில் மறுபடி சந்திப்போம்.

ஒரே செல்லில் இந்த மாதிரிப் பல ஜோடிகள் உண்டாமே, பாஸ்பேட் ஆள் மாறிப் போகாதா?

ஈ.கோலையில் சுமார் 30 உணர்விகளும் அதே அளவு கட்டுப்பாட்டுப் புரதங்களும் உண்டு. எல்லாம் ஒரே குடும்பம் என்பதால் வடிவமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் கலப்பு மிகக் குறைவு.

மைக்கேல் லாபின் ஆய்வகம் இதில் செய்த வேலை படிக்கப் படிக்கச் சுவையானது. உணர்வியும் கட்டுப்பாட்டுப் புரதமும் தொட்டுக்கொள்ளும் பரப்பில் ஒரு சில அமினோ அமிலங்கள்தான் துணையைத் தீர்மானிக்கின்றன. என்வி-இசட் என்ற உணர்வியில் மூன்றை மாற்றினாலே அது தன் சொந்தத் துணையை விட்டுவிட்டு வேறொரு ஜோடியின் கட்டுப்பாட்டுப் புரதத்துக்குப் பாஸ்பேட் கொடுக்கத் தொடங்கியது. இது 2008-ல் வந்தது. பிறகு நம் ஃபோ-க்யூவையே எடுத்துக்கொண்டு, தொடும் பரப்பில் உள்ள நான்கு இடங்களில் 20 அமினோ அமிலங்களையும் எல்லாச் சேர்க்கைகளிலும் மாற்றிப் பார்த்தார்கள். மொத்தம் 1,60,000 வடிவங்கள். அவற்றில் 1,659 இயற்கையான ஃபோ-க்யூ போலவே வேலை செய்தன. 2015-ல் வெளியான இந்த முடிவை இரண்டு விதமாகவும் படிக்கலாம். நூற்றில் ஒன்றுதான் தேறியது என்பது உண்மை. அதே நேரத்தில், இயற்கை வைத்திருக்கும் ஒரு வடிவம் தவிர இன்னும் ஆயிரத்துக்கு மேற்பட்ட வழிகளும் இருந்தன என்பதும் உண்மை.

வேகமும் ஒரு காரணம். சோதனைக்குழாயில் உணர்வி தன் துணைக்குச் சில நொடிகளில் பாஸ்பேட்டைக் கொடுத்துவிடும். ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவைத்தால் வேறு புரதங்களுக்கும் கொஞ்சம் போகும். உயிருள்ள செல்லில் அவ்வளவு நேரம் கிடைக்காது. அப்படியே தப்பித் தவறிப் போனாலும், அந்தப் புரதத்தின் சொந்த உணர்வி பாஸ்படேஸ் வேலையால் அதைத் துடைத்துவிடும்.

எல்லா உயிரிலும் இது இருக்கிறதா?

பெரும்பாலான பாக்டீரியாக்களில் உண்டு. ஜீன் தொகுப்பு மிகச் சுருங்கிய சில மைக்கோபிளாஸ்மாக்களில் இல்லவே இல்லை. ஈஸ்ட்டிலும் தாவரங்களிலும் உறவினர்கள் இருக்கிறார்கள், சைட்டோகைனின் ஹார்மோனைத் தாவரம் உணர்வது இந்த வழியில்தான். விலங்குகளிலும் மனிதரிலும் கிடையாது.

எங்கள் லேபில் ஃபோ-பி ஆன் ஆகியிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? எங்கே தவறு நேரும்?

எளிய வழி ரிப்போர்ட்டர். ஃபோ-பி ஆன் செய்யும் ஒரு ஜீனின் முன்பகுதியை எடுத்து, அதன் பின்னால் பச்சை ஒளிரும் புரதத்தின் ஜீனையோ பீட்டா-கேலக்டோசிடேஸ் ஜீனையோ இணைத்துவிடுங்கள். ஒரே கிருமியை இரண்டு குடுவையில் வளர்க்க வேண்டும், ஒன்றில் 10 மைக்ரோமோலார் மெக்னீசியம், மற்றதில் 10 மில்லிமோலார். ஆயிரம் மடங்கு வித்தியாசம். முதல் குடுவை ஒளிர வேண்டும், இரண்டாவது மங்க வேண்டும்.

வழக்கமாக நேரும் தவறு ஊடகத்தில்தான். எல்பி ஊடகத்தில் மெக்னீசியமும் கால்சியமும் ஏற்கெனவே இருக்கின்றன, எவ்வளவு என்பதும் தொகுப்புக்குத் தொகுப்பு மாறும். அதில் இரவு முழுக்க வளர்த்த கல்ச்சரைக் கழுவாமல் அப்படியே மினிமல் ஊடகத்தில் ஊற்றினால் 10 மைக்ரோமோலார் என்ற கணக்கே பொய்யாகிவிடும். மெக்னீசியம் இல்லாத ஊடகத்தில் இரண்டு மூன்று முறை கழுவிவிட்டுப் போடுங்கள். அப்புறம், மெக்னீசியம் குறைந்த குடுவையில் கிருமி மெதுவாக வளரும், சீக்கிரமே நின்றும்விடும். ஒரே நேரத்தில் எடுத்த மாதிரிகளை ஒப்பிடாமல், ஒரே அடர்த்தியில் எடுத்தவற்றை ஒப்பிட வேண்டும்.

ஃபோ-பியை நீக்கிய கிருமியையும் கட்டாயம் கூடவே வளர்க்க வேண்டும். அதுவும் மெக்னீசியம் குறையும்போது ஒளிர்ந்தால், நீங்கள் பார்ப்பது ஃபோ-பியின் வேலை இல்லை, பட்டினியின் வேறு ஏதோ விளைவு. ஃபோ-க்யூவை நீக்கிய கிருமி இதற்கு ஈடாகாது, ஏனெனில் செல்லில் உள்ள அசிட்டைல் பாஸ்பேட் சில சமயம் உணர்வி இல்லாமலே கட்டுப்பாட்டுப் புரதத்தில் பாஸ்பேட்டை ஏற்றிவிடும்.

பாஸ்பேட் ஏறியதையே நேராகப் பார்க்க வேண்டுமானால் பாஸ்-டேக் ஜெல் ஓட்டலாம். பாஸ்பேட் ஏறிய ஃபோ-பி அதில் மெதுவாக நகர்ந்து மேலே தனிப் பட்டையாக நிற்கும். இங்கே பழக்க தோஷத்தில் ஒரு தவறு நடக்கும்: புரத ஜெல் என்றாலே மாதிரியைக் கொதிக்கவைப்பது. அஸ்பார்டேட்டில் ஒட்டிய பாஸ்பேட் சூட்டில் கழன்றுவிடும். கொதிக்கவைத்தால் மேல் பட்டை காணாமல் போய், ஃபோ-பி ஆன் ஆகவே இல்லை என்று தவறாக முடிவு கட்டிவிடுவீர்கள். மாதிரியைக் குளிரிலேயே வைத்து உடனே ஓட்டுங்கள்.

இதற்கும் ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாமல் போவதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, அதுவும் மற்ற மருந்துகள் தோற்றபின் கையிலெடுக்கும் கோலிஸ்டின் விஷயத்தில். கோலிஸ்டினும் நேர்மின்னூட்டம் கொண்ட பெப்டைடுதான். அது பிடிப்பதும் லிப்பிட்-ஏவின் அதே பாஸ்பேட்டுகளைத்தான். மேக்ரோபேஜின் பெப்டைடுக்கு எதிராக எழும்பும் அதே பாதுகாப்பு கோலிஸ்டினையும் தடுக்கிறது.

மருத்துவமனைகளில் தொல்லை கொடுக்கும் கிளெப்சியெல்லா நிமோனியே கிருமியிலும் ஃபோ-க்யூ, ஃபோ-பி ஜோடி உண்டு, அதை அடக்கும் எம்ஜிஆர்-பியும் உண்டு. கோலிஸ்டினுக்கு அடங்காத கிளெப்சியெல்லாக்களை ஆராய்ந்தபோது, பலவற்றில் எம்ஜிஆர்-பி ஜீன் கெட்டுப்போயிருந்தது 2013 முதல் தெரிய வந்தது. அடக்கும் கை போய்விட்டதால் ஃபோ-க்யூ கட்டுப்பாடின்றி வேலை செய்கிறது, லிப்பிட்-ஏ நிரந்தரமாகத் திருத்தப்பட்டுவிடுகிறது. புதிதாக எதையும் பெறாமல், இருந்ததை இழந்தே கிருமி எதிர்ப்புத் தன்மை அடைவது இங்கே கவனிக்க வேண்டியது. ஒரு ஜீனைக் கெடுக்க நூறு வழிகள் உண்டு என்பதால் இப்படிப்பட்ட மாற்றம் சுலபமாக வரும்.

பிசிஆர் செய்தால் இது சில சமயம் கண்ணுக்கே தெரியும். எம்ஜிஆர்-பி ஜீன் மொத்தமே 144 எழுத்துதான். இடம் தாவும் டிஎன்ஏ துண்டு ஒன்று அதற்குள் புகுந்திருந்தால், பட்டை எதிர்பார்த்ததைவிட ஆயிரம் எழுத்து அளவுக்குப் பெரிதாக வரும். ஆனால் பட்டை சரியான அளவில் வந்துவிட்டது என்பதற்காகக் கிருமி கோலிஸ்டினுக்கு அடங்கும் என்று நம்பிவிடக் கூடாது. ஒரே ஒரு எழுத்து மாறியும் ஜீன் கெட்டிருக்கலாம். மாற்றம் ஃபோ-க்யூவிலோ பிஎம்ஆர்-பியிலோ இருக்கலாம். 2015-ல் சீனாவிலிருந்து அறிவிக்கப்பட்ட எம்சிஆர்-1 ஜீன் பிளாஸ்மிட் வழியாக வந்து, இந்த ஜோடிகளின் உதவியே இல்லாமல் லிப்பிட்-ஏவைத் திருத்தும். அதனால் கடைசி வார்த்தை மருந்தை நேராக வைத்துச் செய்யும் சோதனைக்குத்தான். அதையும் திரவ ஊடகத்தில் நுண்நீர்ப்பு முறையில் செய்ய வேண்டும். கோலிஸ்டின் பெரிய மூலக்கூறு, அகாரில் சரியாகப் பரவாது, வட்டத் தாள் சோதனையின் முடிவை நம்ப முடியாது.

மனிதரிடம் இல்லாத அமைப்பு என்றால் இதையே குறிவைத்து மருந்து செய்துவிடலாமே?

யோசனை நல்லதுதான், பலரும் முயன்றிருக்கிறார்கள். தடை எங்கே என்றால், ஃபோ-க்யூ ஏடிபியைப் பிடிக்கும் இடத்தில். புரதம் மனிதரிடம் இல்லை என்றாலும், அந்த இடத்தின் வடிவம் மனிதரின் எச்எஸ்பி-90 புரதத்தில் உள்ளதை ஒத்திருக்கிறது. எச்எஸ்பி-90-ஐத் தடுக்கும் ராடிசிகால் என்ற பொருள் ஃபோ-க்யூவிலும் போய் ஒட்டுகிறது என்று 2008-ல் காட்டினார்கள். பிடிமானம் வலுவாக இல்லை. வலுவாக்கப் போனால் மனிதப் புரதத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதோடு மருந்து இரண்டு சவ்வுகளையும் தாண்டி உள்ளே போக வேண்டும். ஃபோ-க்யூவை அடக்கினால் சோதனைக்கூட ஊடகத்தில் கிருமி சாவதும் இல்லை, நன்றாகவே வளரும். அதனால் வழக்கமான வளர்ச்சித் தடைச் சோதனைகளில் இப்படிப்பட்ட பொருள் கண்ணில் படாமலே நழுவிவிடும்.

தடுப்பூசியில் இதே குணம் சாதகமாகிறது. வெளியே நன்றாக வளரும், உடலுக்குள் நோய் தராது என்றால் உயிருள்ள தடுப்பு மருந்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? டைபாய்டு கிருமியில் ஃபோ-பி, ஃபோ-க்யூ இரண்டையும் நீக்கி உண்டாக்கிய டிஒய்-800 என்ற வகையை, மில்லரும் அவரோடு வேலை செய்தவர்களும் தன்னார்வலர்களுக்கு வாய்வழியாக ஒரே தவணையில் கொடுத்துப் பார்த்து 1996-ல் வெளியிட்டார்கள். அவர்களுக்கு டைபாய்டு வரவில்லை, கிருமிக்கு எதிரான நோயெதிர்ப்பு உருவானது.